அரபு மொழித் தேர்வுக்கு ஆயத்தமாவோர் நேரத்தைப் பகுத்துக்கொள்ளும் முறை

(நமது ஜமாஅத்தின் கல்விக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

அரபு மொழித் திறன் தேர்வு எழுத விரும்பும் நம் இளைஞர்கள் சிலர் கேட்ட ஒரே கேள்விக்கு விடை சொல்லவே இன்று நாம் முன்வந்துள்ளோம். வாசித்தல், செவியுறுதல், இலக்கணம், எழுதுதல் என்னும் நான்கிற்கும் கையிலுள்ள நேரத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதே அக்கேள்வி. நாம் இங்கே கருத்தில் கொள்வது இடைநிலைத் தேர்வை. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் பி1 எனக் குறிக்கப்படும் நிலை அது. பழக்கமான பொருள் பற்றித் தெளிவாகப் பேசினால் அதன் சாரத்தைப் புரிந்துகொள்ளவும், தனக்குத் தெரிந்தவற்றைத் தொடர்ச்சியான எளிய நடையில் எழுதவும் இயலுவோரே இந்நிலையினர். பேச்சுத் தேர்வு தனியானது. அதை இன்று நாம் தொடவில்லை.

நால்வகைக்கும் சமமாகப் பங்கிட்டுவிட்டால் தீர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். சமபங்கு பார்வைக்கு நியாயமாகத் தோன்றினும், நம் ஊரில் தேர்வுக்கு வருவோர் ஒரே வழியில் வந்தவர்கள் அல்லர். மதரஸாவில் ஓதி, நஹ்வும் ஸர்ஃபும் கற்றவர்கள் ஒரு சாரார். வளைகுடா நாடுகளில் பல ஆண்டுகள் உழைத்து, காதாலேயே அரபு கற்றவர்கள் மற்றொரு சாரார். முன்னவருக்கு எளிதாயிருப்பது பின்னவருக்குக் கடினம். பின்னவருக்கு எளிதானது முன்னவருக்கு மலை. எனவே பங்கிடுவதற்கு முன் அளந்து பார்த்தல் வேண்டும்.

அளக்கும் முறை எளிது. சுமார் 200 சொற்கள் கொண்ட, ஹரகத் இடப்படாத ஓர் அரபுப் பகுதியை, அதன் ஒலிப்பதிவுடன் தேடிக்கொள்ளுங்கள். முதலில் தாளைப் பாராமல் இருமுறை கேட்டு, விளங்கியதைத் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகே தாளைத் திறந்து வாசியுங்கள். காதில் நழுவிய ஒரு சொல் தாளில் கண்டதும் விளங்குகிறதென்றால் குறை காதில் உள்ளது. தாளிலும் விளங்கவில்லையென்றால் குறை சொல்வளத்தில் உள்ளது. அதற்கு மேலும் பலமுறை கேட்பதால் பயனில்லை. இவ்வாறே வாசிப்பிலும் ஒரு சோதனை உண்டு. விளங்காத வாக்கியத்திற்கு ஹரகத் இட்டுத் தருமாறு அறிந்தவரிடம் கேளுங்கள். ஹரகத் கண்டதும் பொருள் துலங்கினால் குறை இலக்கணத்தில். அப்போதும் துலங்காவிடில் குறை சொல்லில். இருபது சொற்களில் ஒன்றுக்கு மேல் தெரியாதவையாக இருந்தால் அப்பகுதி உங்கள் நிலைக்கு மிஞ்சியது, வேறொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஓர் எடுத்துக்காட்டை விரிவாகக் காண்போம். மதரஸாவில் சில ஆண்டுகள் ஓதி, இன்று கடையில் பணிபுரியும் இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருக்கு வாரத்தில் 8 மணி நேரம் கிடைக்கிறது. தேர்வுக்கு 12 வாரங்கள் உள்ளன. அவரை அவர் போக்கில் விட்டால் 5 மணி நேரத்தை நஹ்வுக்கே கொடுப்பார். தெரிந்ததையே மீண்டும் படிப்பதில் ஒரு சுகம் உண்டல்லவா! மீதி நேரம் வாசிப்புக்குப் போய்விடும். கேட்பதும் எழுதுவதும் தேர்வு நெருங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போகும்.

அவர் முன் ஒரு நூலக அறிவிப்பை வைப்போம். பழுதுபார்க்கும் பணிக்காக நூலகம் மூடப்பட்டுள்ளது, இரவல் பெற்ற நூல்களை 25ஆம் தேதிக்குள் திருப்பித் தரவேண்டும் என்பது அதன் செய்தி. அறிவிப்பாளர் “உக்லிகதில் மக்தபா” என்கிறார். நம் இளைஞர் “கதில்” என்று ஒரு சொல் இருப்பதாக எண்ணி, அதன் பொருளைத் தேடுவதிலேயே அடுத்த வாக்கியத்தைத் தவறவிடுகிறார். உண்மையில் அங்கே இருப்பவை “உக்லிகத்” என்னும் வினையும் “அல்மக்தபா” என்னும் பெயருமே. இரண்டும் சேரும்போது அலிஃப் மறைந்து, தேக்கு ஒரு ஜேர் வந்துவிட்டது. ஓதும்போது இந்தச் சேர்க்கையை அவர் நாள்தோறும் செய்கிறார். ஆனால் முன்பின் கேளாத வாக்கியத்தில் அதைப் பிரித்தறியக் காது பழகவில்லை. இறுதியில் “மக்தபது” என்னாமல் “மக்தபா” என நிறுத்தியதும் அவர் அறிந்த வக்ஃபு முறைதான். இந்த அறிவு அவரிடம் உண்டு. அதைக் காதுக்குக் கொண்டுவருவதே வேலை.

அடுத்து எண். அரபியில் ஒன்றின் இடம் முன்னும் பத்தின் இடம் பின்னும் வரும். “அல்காமிஸ் வல்இஷ்ரீன்” என்று கேட்டவர் ஐந்தை முதலில் எழுதிவிட்டு, இருபதின் இரண்டை அதன் வலப்புறம் இட்டு 52 ஆக்கிவிடுகிறார். தேதி என்பதால் 52 இருக்க இயலாது என்று திருத்திக்கொள்ளலாம். விலையிலும் பேருந்து எண்ணிலும் அந்தத் துணை கிடைக்காது. முழு எண்ணும் கேட்டு முடியும்வரை பேனாவைத் தாளில் வைக்காதிருப்பதே இதற்குப் பயிற்சி. நாள்தோறும் ஐந்து நிமிடம் எண்களை மட்டும் கேட்டு எழுதினால் போதும்.

இனித் தாளைத் திறந்து வாசிக்கிறார். ஹரகத் இல்லாத அந்த முதல் சொல்லை “அக்லக்து” எனப் படித்தால் ‘நான் மூடினேன்’. “அக்லக்த” எனப் படித்தால் ‘நீ மூடினாய்’. “அக்லகத்” என்றால் ‘அவள் மூடினாள்’. “உக்லிகத்” என்றால் ‘அது மூடப்பட்டது’. நான்கிற்கும் எழுத்து ஒன்றே. எது சரி என்பதைச் சூழலும் இலக்கணமும் சேர்ந்தே சொல்கின்றன. இது ஓர் அறிவிப்பு. மூடியவர் யாரென்று எங்கும் சொல்லப்படவில்லை. வினைக்குப் பின்னே நூலகம் மட்டுமே நிற்கிறது. ஆகவே செயப்பாட்டு வினை. நம் இளைஞருக்கு மஜ்ஹூல் வாய்பாடு மனப்பாடம். ஆயினும் தாளில் அதை அடையாளம் காண அவருக்கு அரை நிமிடம் ஆகிறது. தேர்வில் அந்த அரை நிமிடம் கிடைப்பதில்லை. ஆதலால் அவருக்கு வேண்டுவது புதிய நஹ்வு அன்று, அறிந்த நஹ்வை ஹரகத் இல்லாத பக்கத்தில் விரைவாகக் காணும் பழக்கமே. வாரம் ஒரு பக்கத்திற்குத் தாமே ஜபர், ஜேர், பேஷ் இட்டு, அறிந்தவரிடம் காட்டித் திருத்திக்கொள்வதைவிடச் சிறந்த பயிற்சி இதற்கு நாமறிந்து வேறில்லை.

பின்னர் அதே அறிவிப்புக்கு அவர் பதில் கடிதம் எழுதுகிறார். ‘நான் வெளியூரில் இருக்கிறேன், நூல்களை 28ஆம் தேதி தருகிறேன்’ என்பது செய்தி. “நான் இரவல் பெற்ற நூல்கள்” என்னுமிடத்தில் நூல்கள் பன்மையாயிற்றே என்று “அல்லதீன” போட்டுவிடுகிறார். மனிதரல்லாத பன்மையை அரபு பெண்பால் ஒருமையாகவே நடத்தும். அங்கே “அல்லதீ” என்னும் பெண்பாற் சொல் வரவேண்டும். இவ்விதியைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார், எழுதும்போதுதான் தவறுகிறது. இத்தகைய பிழைகளுக்கென அவர் ஒரு தனிக் குறிப்பேடு வைத்துக்கொள்ளல் வேண்டும். ஒரே பிழை மூன்றுமுறை பதிவானால் அதுவே அடுத்த வாரத்தின் இலக்கணப் பாடம். நூலின் வரிசைப்படி இலக்கணம் படிப்பது தொடக்கநிலைக்குப் பொருந்தும். இடைநிலையில் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது நம் பிழைகளே.

இப்போது பங்கீடு தானே தெளிவாகும். முதல் ஆறு வாரங்களில் அவருடைய 8 மணி நேரத்தில் கேட்பதற்கு 3, வாசிப்புக்கு இரண்டரை, எழுதுவதற்கு ஒன்றரை, இலக்கணத்திற்கு 1. கேட்பதற்கான 3 மணியை ஒரே நாளில் செலவிடாமல் நாளுக்கு அரைமணியாக ஆறு நாட்களுக்குப் பிரித்துக்கொள்வது நலம்; களைத்த காது எதையும் பிடிக்காது. ஆறாம் வார இறுதியில் முன்சொன்ன சோதனையைப் புதிய பகுதியொன்றைக் கொண்டு மீண்டும் செய்து பார்க்க வேண்டும். தாளில் அறிந்த சொற்கள் காதிலும் விழத் தொடங்கியிருந்தால், பிந்திய ஆறு வாரங்களில் கேட்பதை 2 ஆகவும் வாசிப்பை 2 ஆகவும் குறைத்து, எழுதுவதை 3 ஆக உயர்த்தலாம். இலக்கணம் அதே 1. இன்னும் விழவில்லையெனில் பழைய பங்கீடே தொடரட்டும்.

வளைகுடாவிலிருந்து திரும்பிய சகோதரருக்கு இது தலைகீழாகும். “மாஃபி மாலூம்” என்று பேசியே வேலையை முடித்து வந்தவர் அவர். விரைவாகப் பேசினாலும் சாரத்தைப் பிடித்துவிடுவார், எண்ணில் ஏமாறமாட்டார். ஆனால் அந்தப் பேச்சு தேர்வுக்குரிய ஃபுஸ்ஹா அன்று. ‘எனக்குத் தெரியாது’ என்பதற்குத் தாளில் “லா அஃரிஃபு” என்று எழுதவேண்டிய இடத்தில் கை பழைய சொல்லையே தேடும். இவருக்கு இலக்கணம் 3, வாசிப்பு இரண்டரை, எழுதுதல் ஒன்றரை, கேட்பது 1 என்று தொடங்குவதே பொருத்தம். அந்த ஒரு மணி நேரமும் ஃபுஸ்ஹாவில் வாசிக்கப்படும் செய்திக்கே உரியது.

இரு சாராருக்கும் பொதுவான ஓர் இடர், தமிழ்க் காதுக்கே உரியது. தால் கொண்ட தீன் மார்க்கம். தே கொண்ட தீன் அத்திப்பழம். தோ கொண்ட தீன் களிமண். தமிழில் மூன்றையும் ஒன்றாகவே எழுதுகிறோம். ஸீன் கொண்ட ஸைஃப் வாள். ஸாத் கொண்ட ஸைஃப் கோடைகாலம். தஜ்வீத் கற்ற நாவு இவற்றைப் பிரித்துச் சொல்லும். எனினும் பிறர் விரைந்து சொல்லும்போது காது தடுமாறும். வாரத்தில் ஒருமுறை இருவராக அமர்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் அரபு எழுத்தில் எழுதிப் பார்த்தல் வேண்டும். தம்பதியராகவோ தந்தையும் மகளுமாகவோ இதைச் செய்யலாம். எவரும் தேவையான சொற்களைத் தமிழெழுத்தில் குறித்துக்கொண்டு மனனம் செய்யாதீர்கள்; அங்கேயே இப்பிழை வேர்விடுகிறது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 12 வாரங்களில் சேர்வது 96 மணி நேரமே. தொடக்கநிலையில் இருப்பவரை அது இடைநிலைக்கு ஏற்றிவிடாது. இடைநிலையின் வாசலில் நிற்பவர் தம்மிடமுள்ளதைத் தேர்வுத்தாளில் காட்டுவதற்கே அது போதும். முதற்சோதனையில் எடுத்த பகுதிகள் யாவும் மிஞ்சியவையாகவே இருந்தால் தேர்வை அடுத்த பருவத்திற்குத் தள்ளி வைத்து, அதுவரை சொல்வளத்தைப் பெருக்குங்கள். கட்டணமும் மிச்சம்.

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் தொடவேண்டாம். தேர்வு நடத்துவோர் வெளியிட்ட மாதிரித்தாளைக் கடிகாரம் வைத்து இருமுறை எழுதிப் பாருங்கள். பிழைக் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டுங்கள். எழுதும் பகுதியில் இறுதி ஐந்து நிமிடங்களை ஒதுக்கி, ஹம்ஸாவின் இருக்கையையும், தே மர்பூதாவின் இரு புள்ளிகளையும், மனிதரல்லாத பன்மையையும் மட்டும் தேடித் திருத்துங்கள்.

வஸ்ஸலாம்.