புகார் மனுவில் என்ன எழுதணும்?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நம்ம குழுக்களில் மனு எழுதிக் கொடுக்கிற வேலையைக் கொஞ்ச வருஷமா நான் செய்து வருகிறேன். கடன் மனு, பட்டா மனு, முதியோர் பென்ஷன் மனு எல்லாம் எழுதியிருக்கேன். அதில் எழுதக் கஷ்டமான மனு ஒன்று உண்டு. வேலை செய்கிற இடத்தில் ஒரு ஆள் நம்ம உடம்பைப் பற்றிப் பேசுகிறார், விடாமல் பின்னாலேயே வருகிறார் என்று கொடுக்கிற மனுதான் அது. அண்டி ஆபீஸில் வேலை செய்பவர்கள், ஜவுளிக்கடையில் நிற்பவர்கள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவர்கள் என்று நம்மில் பலருக்கும் இது தேவைப்படலாம். அதனால் அந்த மனுவை எப்படி எழுதுவது என்பதை மட்டும் இன்னைக்குப் பேசப் போகிறேன்.

இந்த மாதிரி மனு எழுத வருகிறவர்கள் முதலில் சொல்வது, "அவன் ஆளு சரியில்ல அக்கா, வல்லாத்த மாதிரி பேசுகான், பார்வையே கொள்ளாது" என்றுதான். சொல்வது உண்மைதான். ஆனால் அதை அப்படியே எழுதினால் மனு நிற்காது. ஏன் என்று சொல்கிறேன்.

2013-ஆம் ஆண்டு வந்த சட்டப்படி, பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் உள் புகார் குழு இருக்க வேண்டும். பத்து பேருக்குக் குறைவாக இருந்தாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ, மாவட்ட அளவில் இருக்கிற உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். அதற்கு நாகர்கோவிலில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். மனுவையும் அதோடு சேர்க்கிற காகிதங்களையும் ஆறு பிரதி கொடுக்கணும், சாட்சிகளின் பெயரும் விலாசமும் எழுதணும் என்று விதி இருக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்குக் குழுவே எழுத உதவணும்.

குழு அந்த மனுவின் ஒரு பிரதியை ஏழு வேலை நாளுக்குள் எதிராளிக்கு அனுப்பும். அவர் பத்து வேலை நாளுக்குள் பதில் எழுதணும். விசாரணையில் இரண்டு பக்கத்துக்கும் வக்கீல் வைக்க முடியாது. அப்படியானால் நமக்காகப் பேசப் போவது அந்தக் காகிதம்தான். "அவர் மோசமானவர்" என்று எழுதினால், "நான் நல்லவன், கோயில் கமிட்டியில் இருக்கேன்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடுவார். "ஜூன் 9-ஆம் தேதி திங்கள்கிழமை காலை பத்து மணி வாக்கில், தரம் பிரிக்கிற மேசை பக்கத்தில் வந்து நின்று இப்படிச் சொன்னார், பக்கத்தில் இன்னார் இருந்தார்" என்று எழுதினால், அன்றைக்கு அங்கே வந்தாரா இல்லையா என்று அவர் பதில் சொல்லியே ஆகணும். குழுவும் வருகைப் பதிவேட்டைப் பார்க்கும், பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் கேட்கும். ஆகவே ஒவ்வொரு வரியும் எதிராளி பதில் சொல்ல வேண்டிய வரியா, வேறொருவர் சரிபார்க்கக்கூடிய வரியா என்று பார்த்து எழுதணும்.

புரிவதற்காக ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். யாருடைய கதையும் இல்லை, நானாகச் சேர்த்துச் சொல்வது. அண்டி ஆபீஸில் பருப்பு தரம் பிரிக்கிற ஒரு தங்கச்சி. சூப்பர்வைசர் அவளுடைய சேலை, உடம்பு பற்றிப் பேசுகிறார். பதிவேட்டிலிருந்து போன் நம்பரை எடுத்து ராத்திரி மெசேஜ் அனுப்புகிறார். பஸ் ஸ்டாப்பில் பைக்கோடு வந்து நிற்கிறார். அவள் சம்மதிக்கவில்லை என்றதும் தோடு உடைக்கிற செக்ஷனுக்கு மாற்றிவிடுகிறார். தோட்டு எண்ணெய் பட்டால் கைத்தோல் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். இந்த மனுவை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"2025 ஜூன் 9 திங்கள் காலை சுமார் 10 மணிக்கு நான் தரம் பிரிக்கும் மேசையில் இருந்தபோது சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று, 'இந்தச் சேலையில நீ கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்க' என்றார். நான் பதில் சொல்லாமல் தள்ளி உட்கார்ந்தேன். ஜூன் 16 அன்று அதே இடத்தில், என் உடலின் ஒரு பகுதியைக் குறிப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையை இங்கே எழுதவில்லை. குழு கேட்டால் சொல்வேன். பக்கத்து இருக்கையில் இருந்தவர் அதைக் கேட்டார். ஜூன் 17 முதல் 26 வரை என் போனுக்கு ராத்திரி 9 மணிக்கு மேல் பதினோரு மெசேஜ் வந்தது. நான் நம்பர் கொடுக்கவில்லை. ஜூன் 20-ல் 'வேலை விஷயம் தவிர எனக்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம் சார்' என்று பதில் போட்டேன். ஜூன் 27 வெள்ளி மாலை பஸ் ஸ்டாப்பில் பைக்கை நிறுத்தி ஏறச் சொன்னார். மறுத்தேன். ஜூன் 30 காலை, காரணம் சொல்லாமல் என்னைத் தோடு உடைக்கும் செக்ஷனுக்கு மாற்றினார்."

இதில் சிலவற்றைக் கவனியுங்கள். முதலாவது, அவர் சொன்ன பேச்சு அவர் பேசின மாதிரியே இருக்கிறது. 'அழகைப் புகழ்ந்தார்' என்று நாம் திருத்தி எழுதினால், அது பாராட்டு மாதிரி ஆகிவிடும். எழுதக் கூசுகிற வார்த்தை என்றால் முழுதாக எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒரேயடியாக 'தப்பாகப் பேசினார்' என்று விட்டுவிடவும் கூடாது. உடம்பைப் பற்றியா, தனியாக வரச் சொன்னதா, எத்தனை பேர் முன்னால் என்று எந்த வகைப் பேச்சு என்பது தெரியணும். மிச்சத்தைக் குழுவிடம் வாயால் சொல்லலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு சம்பவத்துக்கும் அவள் என்ன செய்தாள் என்பதும் இருக்கிறது. தள்ளி உட்கார்ந்தாள், அனுப்ப வேண்டாம் என்றாள், மறுத்தாள். சண்டை போட்டிருக்கணும் என்று அவசியமில்லை. அது அவளுக்கு வேண்டாத விஷயமாக இருந்தது என்று தெரிந்தால் போதும். இதைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு தீர்ப்பு சொன்னது. எச்.சி.எல். டெக்னாலஜிஸ் கம்பெனியில் ஒரு மேலதிகாரி மேல் மூன்று பெண்கள் புகார் கொடுத்தார்கள். மிக நெருங்கிப் பின்னால் வந்து நின்றார், தோளைத் தொட்டார் என்பவை அதில் இருந்தன. வேலையை மேற்பார்வை பார்க்கத்தான் நின்றேன் என்றார் அவர். கம்பெனியின் குழு அவர் செய்தது தவறு என்றது. தொழிலாளர் நீதிமன்றம் அந்த அறிக்கையைத் தள்ளிவிட்டது. நீதிபதி ஆர்.என். மஞ்சுளா தொழிலாளர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்தார். செய்தவர் மனதில் என்ன எண்ணம் இருந்தது என்பதைவிட, அந்தப் பெண்ணுக்கு அது வேண்டாத செயலாக இருந்ததா என்பதுதான் முக்கியம் என்றார். அதனால் "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்கிற பதில் மட்டும் அவரைக் காப்பாற்றாது. அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று நாம் மனுவில் ஊகம் எழுதவும் வேண்டாம்.

மூன்றாவது, செக்ஷன் மாற்றம். மறுத்தது ஜூன் 27. மாற்றியது ஜூன் 30. இடையில் ஒரு சனியும் ஒரு ஞாயிறும்தான். இரண்டு தேதியையும் அடுத்தடுத்து எழுதினால் தொடர்பு தானாகத் தெரியும். கூலி பாக்கி, பி.எஃப். மாதிரி வேறு குறைகளை இந்த மனுவில் கலக்காதீர்கள். அதற்குத் தனி மனு போடலாம். கலந்தால், கூலித் தகராறுக்காகத்தான் இந்தப் புகார் என்று எதிராளி சொல்ல வழியாகிவிடும்.

தேதி நினைவில்லையே என்று கேட்பீர்கள். ஊகித்து எழுதாதீர்கள், ஒரு தேதி தப்பினால் மற்றதையும் சந்தேகிப்பார்கள். "சம்பளம் போட்டதுக்கு மறுநாள்", "ஓணத்துக்கு முந்தின வாரம்" என்று தெரிந்ததை எழுதுங்கள். காலண்டரையும் பதிவேட்டையும் வைத்து அதைச் சரியாக்கலாம். மெசேஜை அழிக்காதீர்கள், நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி பிரிண்ட் எடுத்துச் சேருங்கள். கேட்டவர்கள் சாட்சி சொல்லப் பயந்தால், அன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் யாரிடம் சொன்னீர்களோ அந்த மைனியோ அக்காவோகூட அதைச் சொல்லலாம். பிறர் சொல்லிக் கேட்டதைத் தான் பார்த்ததாக எழுதக் கூடாது.

இனி காலக்கெடு. கடைசிச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் மனு கொடுக்கணும். தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தால் குழு அதை எழுதிவைத்து இன்னும் மூன்று மாதம் வரை நீட்டலாம். அதற்கு மேல் இல்லை. கொல்கத்தாவில் ஒரு சட்டப் பல்கலைக்கழக ஆசிரியை துணைவேந்தர் மேல் கொடுத்த புகார் இதில்தான் விழுந்தது. கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரலில்; மனு கொடுத்தது டிசம்பர் 26-ல். ஆகஸ்டில் தன்னை ஒரு பொறுப்பிலிருந்து நீக்கியதும் அதன் தொடர்ச்சிதான் என்று அவர் வாதாடினார். அது நிர்வாக நடவடிக்கை, தனி விஷயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் சொல்லிவிட்டது. ஆனாலும் அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தரின் சுயவிவரக் குறிப்பில் சேர்க்கணும் என்றும் உத்தரவிட்டது. நம்ம உதாரணத்தில் இருக்கிற தங்கச்சி, செக்ஷன் மாற்றிய ஜூன் 30-ஐக் கணக்கில் எடுக்காமல், பைக்கில் கூப்பிட்ட ஜூன் 27-லிருந்தே மூன்று மாதத்தை எண்ணுவதுதான் பத்திரம். செப்டம்பர் 26-க்குள் மனு குழுவிடம் போய்ச் சேரணும்.

நிறையப் பேர் கேட்கிற ஒரு கேள்வி, "நிரூபிக்க முடியலன்னா என்மேல கேஸ் வருமா?" என்பது. நிரூபிக்க முடியாமல் போனதற்காக மட்டும் நடவடிக்கை கிடையாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. பொய் என்று தெரிந்தே கொடுத்தால்தான் நடவடிக்கை. நடந்ததை மட்டும், நடந்த அளவுக்கு மட்டும் எழுத வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

விசாரணை முடியும்வரை அவருக்குக் கீழே வேலை செய்ய முடியாது என்றால் வேறு இடத்துக்கு மாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். அதை எழுத்தில் கேட்கணும். மனுவின் கடைசியிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். தேதி வைத்துக் கையெழுத்துப் போட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒரு நகல் வாங்கி வையுங்கள். மனுவை குழு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். மனுவில் உள்ளதையும் பெயர்களையும் வெளியில் பரப்பக் கூடாது என்று சட்டம் சொல்கிறது.

எழுத உதவி வேணும் என்கிறவர்கள் கூட்டமைப்பு ஆபீசுக்கு வரும்போது போனையும் இந்த வருஷத்துக் காலண்டரையும் கையில் எடுத்துட்டு வாங்க. ஒரு மேசையில் உட்கார்ந்து தேதி தேதியாக எழுதிவிடலாம்.