பரீட்சை ரத்து ஆயிடுச்சு, இனி என்ன?

2024 ஜூன் 18 அன்னிக்கு யூஜிசி நெட் பரீட்சை நடந்தது. எழுதினவங்க 9 லட்சம் பேருக்கு மேல. மறுநாள் ராத்திரியே ரத்து. டெலிகிராம்ல சுத்தின ஒரு ஸ்கிரீன்ஷாட்டால, வினாத்தாள் கசிஞ்சிருக்கும்னு சந்தேகம் வந்தது. உங்க பரீட்சைக்கும் இப்படி ஆனா என்ன செய்யணும்? அந்த அனுபவத்தை வச்சே சொல்றேன்.

முதல்ல, பழைய விண்ணப்ப எண்ணையும் பாஸ்வேர்டையும் பத்திரமா வச்சுக்கோங்க. மறுதேர்வுக்கும் அதே பதிவுதான் செல்லுபடி ஆச்சு. ஆனா ஹால் டிக்கெட் புதுசு; பழசைக் காட்டினா உள்ளே விடமாட்டாங்க. எந்த ஊர்னு சொல்ற சீட்டு முன்னாடியே வரும். அது ஹால் டிக்கெட் இல்ல. அதைப் பார்த்த பிறகே ரயில் டிக்கெட் போடுங்க.

ரெண்டாவது, தேர்வு முறையே மாறலாம். ஜூன்ல பேப்பர், பேனா. ஆகஸ்ட் 21-லேர்ந்து செப்டம்பர் வரை நடந்த மறுதேர்வு கம்ப்யூட்டர்ல. அதனால திரையில மாதிரித் தேர்வு எழுதிப் பழகணும்.

கடைசியா, 'புதுப் பேப்பர் இருக்கு'ன்னு யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க. அந்த ஸ்கிரீன்ஷாட்டே பரீட்சை தொடங்கின பிறகு எடுத்து, நேரத்தை மாத்தினதுன்னு சிபிஐ பின்னாடி கண்டுபிடிச்சது. படத்துல இருக்கிற நேரம் எதுக்கும் சாட்சி இல்ல. தேதி, மையம் எல்லாத்தையும் தேர்வு முகமையோட தளத்துல மட்டும் பாருங்க.