ரெண்டு படத்தை வெச்சு ஒரு லிஸ்ட்டைப் பிடிக்கிறது

இந்த வாரம் ஒரு நேயர் மெயில்ல இருந்தே ஆரம்பிக்கலாம். "ப்ரோ, லெ ட்ரூ பார்த்தேன், மிரண்டுட்டேன். இதே மாதிரி வேற படம் தேடினா எங்க போனாலும் ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்தான் வருது. அதை ஏழு தடவை பார்த்தாச்சு, இப்ப என்ன பண்ண?"

லெ ட்ரூ பார்க்காதவங்களுக்காக ரெண்டு வரி. 1960-ல வந்த பிரெஞ்சுப் படம், ஜாக் பெக்கர் இயக்கிய கடைசிப் படம். பாரிஸ் சிறையில ஒரே செல்லுல இருக்கிற அஞ்சு பேர் தரையை உடைச்சு சுரங்கம் தோண்டுறாங்க. கான்கிரீட்டை மாத்தி மாத்தி இடிக்கிறதை கேமரா வெட்டாம நிமிஷக் கணக்கில காட்டும். பின்னணி இசை கிடையாது, இடிக்கிற சத்தம் மட்டும்தான்.

சைட்டுகளுக்கு இது "சிறை, தப்பித்தல்" படம். அதனாலதான் ஷாஷாங்க் வருது. ஆனா நேயரை மிரள வெச்சது சிறையா, இல்ல ஒரு வேலையை முழுசா கண்ணு முன்னாடி செஞ்சு காட்டின விதமா? ரெண்டாவதுதான்னா, அதுக்கு ஜானர் பேரே கிடையாது. பேர் இல்லாததை சர்ச் பாக்ஸ்ல எப்படி டைப் பண்றது? இங்கதான் மனுஷங்க கையால போட்ட லிஸ்ட் உதவும்.

லெட்டர்பாக்ஸ்ட்ல எந்தப் படத்தோட பக்கத்துக்குப் போனாலும், அந்தப் படம் இருக்கிற லிஸ்ட்டுகளை எல்லாம் பார்க்கலாம். பட முகவரிக்குப் பின்னாடி `lists` சேர்த்தா போதும்:

```
letterboxd.com/film/le-trou/lists/
```

இங்க ஒரு சிக்கல். மேல வர்றது எல்லாம் பிரபலமான லிஸ்ட்டுகள். "சாகறதுக்குள்ள பார்க்க வேண்டியவை" மாதிரி ஆயிரக்கணக்குல படம் இருக்கும். அது லிஸ்ட் இல்ல, குடோன். லிஸ்ட் பேருக்குப் பக்கத்துல எத்தனை படம்னு எண் இருக்கும், முதல்ல அதைப் பாருங்க. நான் பொதுவா முப்பதுல இருந்து நூத்தம்பது வரைக்கும் இருக்கிறதைத்தான் திறப்பேன். போட்டவர் எதையோ வேண்டாம்னு தள்ளியிருக்கார்னு அர்த்தம்.

அதுலயும் எல்லாத்தையும் திறக்க முடியாதே. அதனால ரெண்டாவது படம் ஒண்ணை சாவியா சேர்த்துக்குங்க. லெ ட்ரூவும் ஷாஷாங்க்கும் சேர்ந்து இருந்தா அது சிறை லிஸ்ட். லெ ட்ரூவும் ரிஃபிஃபியும் இருந்தா பெரும்பாலும் பிரெஞ்சு க்ரைம் லிஸ்ட். ஆனா லெ ட்ரூவும் ஜான் டீல்மானும் ஒரே லிஸ்ட்ல இருந்தா? ஜான் டீல்மான் ஒரு இல்லத்தரசி உருளைக்கிழங்கு உரிக்கிறதையும் பாத்திரம் கழுவுறதையும் மூணு மணி நேரத்துக்கு மேல காட்டுற 1975 படம். இந்த ரெண்டுக்கும் கதையில ஒரு சம்பந்தமும் இல்ல. ரெண்டும் "உலகின் சிறந்த படங்கள்" வகை குடோன்லயும் இருக்கும், அதை விட்டுடுங்க. சின்ன லிஸ்ட்ல ரெண்டும் இருக்குன்னா, போட்டவர் கையால செய்யற வேலையைத்தான் தேடியிருக்கார்னு நம்பலாம். ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தூரமோ, சாவி அவ்வளவு கூர்மை.

ரெண்டும் இருக்கிற லிஸ்ட்டை கூகுள்ல இப்படித் தேடலாம்:

```
site:letterboxd.com inurl:list "Le Trou" "Jeanne Dielman"
```

இது எல்லாத்தையும் பிடிக்காது. நீளமான லிஸ்ட் பல பக்கமா உடையும், பின்பக்கத்துல இருக்கிற பேர் மாட்டாம போகலாம். அப்ப படப் பேருக்கு பதிலா, லிஸ்ட் போட்டவர் அறிமுகத்துல எழுதியிருக்கக்கூடிய `process`, `labor` மாதிரி வார்த்தைகளைப் போட்டுப் பாருங்க. அமெரிக்க ஸ்பெல்லிங், பிரிட்டிஷ் ஸ்பெல்லிங் ரெண்டையும் முயற்சி பண்ணுங்க. சின்ன விஷயம்தான், ஆனா ரிசல்ட் மாறும்.

லிஸ்ட் கிடைச்சதும் உடனே நம்பிடாதீங்க. அதுல நீங்க ஏற்கெனவே பார்த்த மூணு படத்தை எடுத்து, இது ஏன் இங்க இருக்குன்னு கேளுங்க. மூணுக்கும் ஒரே பதில் வந்தா நல்ல லிஸ்ட். அறிமுகத்துல "இதைச் சேர்ப்பேன், இதைச் சேர்க்க மாட்டேன்"னு விதி எழுதியிருந்தா இன்னும் நல்லது. ஒவ்வொரு படத்துக்கும் கீழ குறிப்பு எழுதியிருந்தா, அந்த ஆளோட மத்த லிஸ்ட்டையும் பார்த்துடுங்க. ஒரு நல்ல லிஸ்ட்டை விட ஒரு நல்ல லிஸ்ட்காரர் பெரிய லாபம்.

இப்படித் தேடித்தான் எனக்கு தி நேக்கட் ஐலண்ட் கிடைச்சுது. கனெட்டோ ஷிண்டோ எடுத்த ஜப்பான் படம், இதுவும் 1960. தண்ணி இல்லாத சின்னத் தீவுல ஒரு குடும்பம். படகுல போய்த் தண்ணி எடுத்துட்டு வந்து, தோள்ல காவடி மாதிரி வாளிகளைச் சுமந்து மேட்டுல ஏறி, செடிக்கு ஊத்துறாங்க. வசனம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. சிறையும் இல்ல, தப்பித்தலும் இல்ல. எந்த "இதே மாதிரி படங்கள்" பெட்டியும் லெ ட்ரூவுக்குக் கீழ இதைக் காட்டி நான் பார்த்ததில்ல.

மெயில் போட்ட நண்பா, அதுக்கு முன்னாடி ராபர்ட் ப்ரெஸ்ஸானோட அ மேன் எஸ்கேப்ட் பார்த்துடுங்க. 1956, இதுவும் சிறைதான், ஸ்பூனைத் தரையில தேய்ச்சு உளியாக்கி கதவுப் பலகையைப் பிரிக்கிறார். அதுல இருந்து நேக்கட் ஐலண்டுக்குப் போனா தாவல் பெருசா தெரியாது. பார்த்துட்டு மெயில் போடுங்க, அடுத்த சாவியை நீங்களே சொல்லுங்க.