பூட்டிய கைப்பேசிக்கு மாற்றுச் சாவி

சுங்கை காடுட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், என் மாணவன் ஒருவனின் தாயார் புதுக் கைப்பேசி வாங்கினார். கடைப்பையனே கூகுள் கணக்கைத் தொடங்கிக் கொடுத்துவிட்டான். ஓராண்டு கழித்து, திரையைத் திறக்கப் போடும் கோடு அந்த அம்மாவுக்கு மறந்துபோயிற்று. தெரிந்தவர் ஒருவர், உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துத் திறக்க முயன்றார். அப்போது கைப்பேசி, பழைய கணக்கின் முகவரியையும் மறைச்சொல்லையும் கேட்டு நின்றுவிட்டது. திருடியவனுக்குப் பயன்படக் கூடாதென்று 2015ஆம் ஆண்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு வந்த காவல் அது. அம்மாவுக்கு இரண்டும் தெரியாது; கடையும் மூடப்பட்டுவிட்டது. காலமான கணவரின் படங்கள் அந்தக் கணக்கில்தான் இருந்தன.

ஆகவே, கணக்கை நீங்களே தொடங்குங்கள். புதுக் கைப்பேசி கணக்கைக் கேட்கும்போது Create account என்பதைத் தொடுங்கள். உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் சரியாகக் கொடுங்கள். @gmail.com என்று முடியும் முகவரியையும் மறைச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி, அடையாள அட்டையைப் போலப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது மாற்றுச் சாவி. Settings, அதில் Google, அதில் உங்கள் கணக்கு, பிறகு Security என்று தொடங்கும் பகுதி. அங்கே Recovery phone, Recovery email என்று இரண்டு இடங்கள் இருக்கும். மறைச்சொல் மறந்தால், இங்கே கொடுத்த எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோதான் இரகசிய எண் வரும்.

உங்கள் எண்ணையே கொடுக்கலாம். ஆனால் கைப்பேசி தொலைந்தால் சிம் அட்டையும் கூடவே போய்விடும். அது உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால், அடையாள அட்டையைக் காட்டி அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கலாம். வேறொருவர் பெயரில் இருந்தால் அது நடக்காது. முன்பணச் சிம்முக்கு நெடுநாள் பணம் போடாவிட்டால் எண்ணே கைவிட்டுப் போகும். பின்னால் வேறொருவருக்கும் போய்ச் சேரலாம்.

அதனால்தான் மின்னஞ்சலும் வேண்டும். அது அதே கைப்பேசியில் மட்டும் திறக்கும் இன்னொரு முகவரியாக இருந்தால் பயனில்லை. சிரம்பானில் வேலை செய்யும் மகளின் முகவரியைக் கொடுங்கள். கொடுத்ததும் மகளுக்கு ஓர் இரகசிய எண் போகும். அதைக் கேட்டு வாங்கி உங்கள் திரையில் பதிந்தால்தான் வேலை முடிந்தது என்று பொருள். தொலைபேசியில் அழைத்து அந்த எண்ணைக் கேட்கும் அந்நியருக்கு மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள்.

எண்ணை மாற்றுகிறீர்களா? பழைய சிம்மை வீசுவதற்கு முன்பே கணக்கில் புது எண்ணைப் பதியுங்கள். மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய எண்ணுக்கே இரகசிய எண் போகக்கூடும். அதுவரை அது கையில் இருக்கட்டும்.

அந்தத் தாயார் இப்போது வேறு கைப்பேசியில் புதுக் கணக்கு வைத்திருக்கிறார். மகளின் முகவரியும் அதில் இருக்கிறது. பழைய படங்கள்தாம் திரும்பவில்லை. இன்றிரவே உங்கள் கைப்பேசியில் அந்த இரண்டு இடங்களையும் திறந்து பாருங்கள்.