எந்தக் காட்சியை விடுவது?

கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவரை வைத்துச் சிறுகதை எழுதினால், அதன் முடிச்சு மண்டபத்தில் விழாது. எல்லோரும் வீடு திரும்பி, சில வாரங்கள் கழித்து, எடிட்டிங் மேசையில்தான் விழும். அப்படி ஒரு கதையைப் புரோசார்ட்டில் நடப்பதாக வைத்துக்கொண்டு பேசப்போகிறேன். குடும்பம் கற்பனைதான். ஆனால் மொன்றியல் தமிழர்களுக்குச் சூழல் புதிதல்ல. காலையில் புரோசார்ட் வீட்டில் மணப்பெண் அலங்காரம். அந்த ஊரில் ஒரு வட்டாரத்துத் தெருப்பெயர்கள் பெரும்பாலும் ஒரே எழுத்தில் தொடங்குவதால், வீட்டைத் தேடி வரும் வீடியோக்காரர் முதலில் அங்கேதான் தடுமாறுவார். பிறகு சாம்பிளேன் பாலத்தைத் தாண்டி, தீவின் மறுபக்கத்தில் டொலார்-டெ-ஓர்மோவில் இருக்கும் திருமுருகன் கோயிலில் தாலிகட்டு. மாலையில் வரவேற்பு. மூன்று கமராக்கள், ஏறத்தாழ பத்து மணி நேரப் படப்பிடிப்பு. குடும்பத்துக்குப் போக வேண்டியவை இரண்டு: சடங்குகள் முழுவதும் அடங்கிய இரண்டரை மணி நேரப் படம், எல்லோருக்கும் அனுப்பக்கூடிய ஐந்து நிமிட ஹைலைட். முழுப் படத்தில் சிக்கல் இல்லை, அதில் சடங்குதான் வரிசையைத் தீர்மானிக்கிறது. சிக்கல் முழுவதும் அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது.

அந்த ஐந்து நிமிடத்துக்கு நம் வீடியோக்காரரிடம் மூன்று காட்சிகள் போட்டி போடுகின்றன. முதலாவது, தாரை வார்க்கும்போது பெண்ணின் தகப்பனுடைய முகம். தண்ணீர் விழுகிறது, அவருடைய கீழுதடு துடிக்கிறது, அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். இரண்டாவது, யாழ்ப்பாணத்தில் இருக்கும் அப்பம்மா வட்ஸ்அப் அழைப்பில் வாழ்த்துவது. இங்கே கோடைகாலக் காலை பதினொரு மணி என்றால் அங்கே இரவு எட்டரை. மணவறைக்குப் பக்கத்தில் யாரோ போனைத் தூக்கிப் பிடிக்க, அப்பம்மா தன் வீட்டுக் கதிரையில் இருந்தபடி அறுகரிசியை எடுத்துத் திரையை நோக்கித் தூவுகிறார். படம் கட்டம் கட்டமாக உடைகிறது, குரல் விட்டு விட்டு வருகிறது. மூன்றாவது காட்சி வீட்டில் எடுக்கப்பட்டது. பெண்ணைக் காருக்கு அழைத்துப் போன பிறகு தாய் மட்டும் அறைக்குத் திரும்பி வருகிறார். அலுமாரிக்கு மேலே ஓர் இளைஞனின் படம் இருக்கிறது. மூத்த மகன், 2009 மே மாதம் வட்டுவாகல் பக்கம் கடைசியாகக் கண்டவர்கள் உண்டு, அதன்பிறகு தகவல் இல்லை. தாய் கண்ணாடியில் கை வைத்து, “தம்பி, தங்கச்சிக்கு இண்டைக்குக் கலியாணம்” என்கிறார். வீடியோக்காரர் நடைபாதையில் நின்று நீண்ட லென்ஸில் எடுத்தார். கமராவின் மைக் அந்தக் குரலையும் பிடித்துவிட்டது. நாற்பது விநாடி. தான் படமாக்கப்படுவது தாய்க்குத் தெரியாது.

மூன்றையும் வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஐந்து நிமிடத்தில் மூன்று உச்சங்கள் வந்தால், இரண்டாவது உச்சத்தில் பார்ப்பவர் களைத்துவிடுவார். மூன்றாவது வரும்போது அழுகை வெறும் அலங்காரமாகிவிடும். ஆகவே ஒன்றை விட வேண்டும். தொழில் பழக்கம் இங்கே உடனே ஒரு விடை சொல்லும்: அப்பம்மாவை விடு. படம் தெளிவில்லை, போன் திரை மினுங்குகிறது, பக்கத்தில் நிற்பவரின் கை பாதிக் காட்சியை மறைக்கிறது. தாயின் காட்சியோ ஜன்னல் வெளிச்சத்தில், கூர்மையான குவியத்தில், ஓவியம்போல் விழுந்திருக்கிறது. தொழில் தெரிந்த எவரும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார். அந்தப் பழக்கம் இங்கே தவறு என்பதுதான் என் வாதம். ஹைலைட்டில் இருக்கக்கூடாதது தாயின் காட்சி. அதற்கு நான் சொல்லும் முதல் காரணம் நாகரிகமோ இரக்கமோ அல்ல. அந்தப் படத்தில் சேர்த்த உடனே அந்தக் காட்சி பொய்யாகிவிடும் என்பதுதான்.

இதை விளக்க நூறு வருடத்துக்கு முந்திய ஒரு பரிசோதனை உதவும். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரு நடிகனின் சலனமில்லாத முகத்தை ஒருமுறை ஒரு கோப்பை சூப்புக்குப் பக்கத்திலும், ஒருமுறை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டினார் என்று சினிமா வரலாறு சொல்கிறது. முகம் ஒன்றேதான். ஆனால் பார்த்தவர்கள் அதில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள். ஒரு காட்சியின் அர்த்தத்தைப் பக்கத்துக் காட்சி கொடுக்கிறது என்பது எடிட்டிங்கின் அரிச்சுவடி. இப்போது தாயின் நாற்பது விநாடியை ஹைலைட்டில் எங்கே வைப்பீர்கள்? தகப்பனின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தால், மகளைப் பிரியும் தாயின் அழுகை என்று சபை படித்துக்கொள்ளும். அது அல்ல. மகனின் படத்தை மட்டும் தனியாக ஒரு குளோஸப்பில் காட்டி, வேகத்தைக் குறைத்து, பின்னணியில் வயலின் போட்டால், அது அஞ்சலியாக மாறும். அதுவும் அல்ல. ஏனென்றால் அந்தப் படத்தில் மாலை இல்லை.

இந்த மாலை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் வீடுகளில் இறந்தவர் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றுவோம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்துக்குப் பல தாய்மார் அதைச் செய்வதில்லை. செய்தால் பிள்ளை செத்துவிட்டான் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தலில் இருக்கத் தொடங்கிய தாய்மாரின் கையில் இருந்த படங்களை நினைத்துப்பாருங்கள். எங்கள் பிள்ளை எங்கே என்றுதான் அவர்கள் கேட்டார்கள். இறப்புச் சான்றிதழ் வாங்கப் பலர் மறுத்த நிலையில், ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழை இலங்கை அரசே 2016-இல் சட்டத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. ஓர் அரசாங்கப் படிவத்துக்குக்கூடத் தெரிந்த இந்த வேறுபாட்டை ஒரு கல்யாண ஹைலைட் தெரியாமல் அழித்துவிடும். அந்தத் தாய் பேசியது உயிரோடு இருக்கும் மகனிடம். மெதுவாக்கிய படமும் வயலினும் சேர்ந்து நானூறு விருந்தினருக்கு அவன் மரணத்தை அறிவித்துவிடும்.

இதற்குத் தொழிலறிந்த ஒருவர் நல்ல மறுப்புச் சொல்லலாம். வால்டர் மர்ச் என்ற எடிட்டர், ‘தி இங்கிலிஷ் பேஷண்ட்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். அந்தப் படத்தின் மூல நாவலை எழுதிய, கொழும்பில் பிறந்து கனடாவில் வாழும் மைக்கல் ஒண்டாச்சி இவரோடு நடத்திய உரையாடல்களே ஒரு தனிப் புத்தகம். ஒரு வெட்டு சரியா என்று பார்க்க மர்ச் ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்தி, உணர்ச்சிக்கு மட்டும் 51 விழுக்காடு கொடுத்தார். கதைக்கு 23, தாளத்துக்கு 10, மற்றவற்றுக்கு அதிலும் குறைவு. உணர்ச்சிதான் முதல் என்றால், மூன்றிலும் ஆழமான காட்சியை எப்படி விடுவது என்பது கேள்வி. ஆனால் மர்ச் கேட்பது, அந்தக் கணத்தில் பார்ப்பவருக்கு வர வேண்டிய உணர்ச்சி வருகிறதா என்பதை. எவ்வளவு கண்ணீர் என்பதை அல்ல. தாயின் காட்சி வரவழைப்பது அந்தக் கணத்துக்குரிய உணர்ச்சியை அல்ல, வேறொன்றை. அவருடைய அளவுகோலிலேயே அது முதல் இடத்தில் தோற்கிறது. அப்பம்மாவின் உடைந்த படமோ அங்கே வெல்கிறது. கட்டம் கட்டமாக விழும் அந்தப் படத்தின் பழுதே தூரத்தைச் சொல்கிறது, வேறெதுவும் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. மணப்பெண்ணே வந்து, “அண்ணா இல்லாமல் என்ர கலியாண வீடியோவா? அவரைப் போடுங்கோ” என்று கேட்டால்? கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. அண்ணனின் படத்தை, அது மாலையில்லாமல் இருக்கிறபடியே, அலங்கார அறையின் மற்றப் பொருட்களோடு இரண்டு விநாடி காட்டலாம். தெரிந்தவருக்குப் புரியும், தெரியாதவருக்கு யாரும் எதையும் அறிவிக்கவில்லை. ஆனால் தாயின் முகமும் குரலும் மகள் கொடுக்கக்கூடியவை அல்ல. கியூபெக் சிவில் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, தனிப்பட்ட இடத்தில் இருக்கும் ஒருவரின் உருவத்தையோ குரலையோ எடுத்தாள்வதைத் தனியுரிமை மீறலாகக் கருத இடம் கொடுக்கிறது. மொன்றியலின் சென்ற் கத்தரீன் வீதியில், ஒரு கட்டடப் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை, கேட்காமல் ஒரு கலைச் சஞ்சிகை 1988-இல் போட்டது. படம் கண்ணியமானதுதான், இடமும் பொது இடம்தான். ஆனாலும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1998-இல் அந்தப் பெண்ணுக்குச் சாதகமாக முடிந்தது. கிடைத்த நட்டஈடு 2000 டொலர். தொகை சிறியது. ஆனால் கலை என்ற காரணம் போதாது என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்னது சிறியதல்ல. தெருப் படிக்கட்டிலேயே அப்படியென்றால், சொந்த வீட்டு அறையில், கதவுக்கு வெளியே இருந்து எடுத்ததற்கு என்ன சொல்வது? வீட்டுக்கு வீடியோக்காரர் வரத் தாய் சம்மதித்தது உண்மை. அந்தச் சம்மதம் கல்யாணத்தைப் படமெடுக்க, மகனோடு பேசியதை இன்ஸ்டாகிராமில் போட அல்ல.

தாயிடமே கேட்டுவிட்டால் தீர்ந்ததே என்பார்கள். கேட்கத்தான் வேண்டும், ஆனால் கேட்கும் முறை முக்கியம். இசையும் சேர்த்து முடித்த ஹைலைட்டை, மகளும் மருமகனும் பக்கத்தில் இருக்க, போட்டுக் காட்டி “பரவாயில்லையா அம்மா” என்றால், எந்தத் தாய் வேண்டாம் என்பார்? இசையில்லாத அந்த நாற்பது விநாடியை மட்டும் தனியாக அவருக்குக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டும்போது வீடியோக்காரருக்கே பார்க்கக் கூசினால், அந்தக் கூச்சமே விடை. எடிட் மேசையிலும் இதே பரீட்சை பயன்படும். சந்தேகமான காட்சி வந்தால் இசையை நிறுத்திவிட்டுப் பார்ப்பது, பிறகு அந்தத் துண்டை எடுத்துவிட்டு ஐந்து நிமிடத்தையும் மறுபடி ஓட்டுவது. நம் கதையில் தாயின் காட்சியை எடுத்தால் ஹைலைட்டில் ஓட்டை விழவில்லை. தாரை வார்த்தலில் இருந்து அப்பம்மாவின் கைக்குக் கதை நேரே போகிறது.

விடுவது என்றால் அழிப்பது என்று அஞ்சுவோரின் பயம் நியாயமானது. நொடிக்கு நூறு மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே கமரா, மணிக்கு 45 கிகாபைட் தின்னும். இடம் போதாமல், சில மாதங்களில் மூலப்பதிவுகளை அழித்துவிடுவோர் உண்டு. அப்படி அழிக்கும்போது இந்தக் காட்சியும் சேர்ந்து போனால், அது வேறொரு கொடுமை. ஒரு தாய் தன் மகனோடு பேசிய பதிவு அது, அதை இன்னொரு முறை எடுக்க முடியாது. ஆனால் அந்த நாற்பது விநாடி அரை கிகாபைட்தான், ஒரு சின்ன யூஎஸ்பி குச்சியில் அடங்கும். வெட்டாமல், நிறம் திருத்தாமல், இசை சேர்க்காமல் அப்படியே பிரதி எடுத்து, வேறு எதுவும் இல்லாத அந்தக் குச்சியைத் தாயின் கையில் கொடுத்து, இப்படி எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். அதை வைத்திருப்பதா, மகளுக்குக் காட்டுவதா, அழிப்பதா என்பது அவர் பாடு.

கல்யாணத்துக்கு வீடியோ ஒப்பந்தம் எழுதப்போகும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை கமரா, ட்ரோன் உண்டா, எப்போது கையில் கிடைக்கும் என்று கேட்கும்போதே, இரண்டு வரியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: ஹைலைட்டை வெளியிடுமுன் அதில் தனியே குளோஸப்பில் வரும் பெரியவர்களிடம் கேட்கப்படும், சேர்க்காமல் விட்ட காட்சிகள் உரியவரிடம் ஒப்படைக்கப்படும் வரை அழிக்கப்படமாட்டா. வீட்டில் மாலையில்லாத படம் ஒன்று இருந்தால், அது யாருடையது என்பதை, கமரா உள்ளே வருமுன்பே வீடியோக்காரருக்குச் சொல்லிவிடுங்கள்.