மில்லிமீட்டருக்குள் ஓர் ஊர்

 

கழகத்தின் மாலை வகுப்பில் உயிரியல் கற்பிக்கும் நாங்கள், இன்று ஒரு விடைத்தாளைப் பற்றிப் பேச வந்துள்ளோம். அதை எழுதியவர் நன்றாகப் படிக்கும் மாணவர். பெயர் சொல்ல வேண்டுவதில்லை. வினா இதுதான். எலக்ட்ரான் நுண்ணோக்கியால் எடுத்த படம் ஒன்றில், உயிரணுவின் நுண்ணுறுப்பாகிய மைட்டோகாண்ட்ரியா ஒன்று தெரிகிறது. படத்தில் அதன் நீளத்தை அளவுகோலால் அளந்தால் 40 மில்லிமீட்டர் வருகிறது. படம் 20,000 மடங்கு பெரிதாக்கப்பட்டது. எனில், அதன் உண்மை நீளம் எத்தனை மைக்ரோமீட்டர்?

மாணவர் எழுதிய விடை 0.000002 மைக்ரோமீட்டர். வழிமுறையைப் பார்த்தால், பெரிதாக்கத்தால் வகுக்க வேண்டும் என்பதை அவர் சரியாகவே அறிந்திருந்தார். பிழை அதற்கு முந்திய ஒரு வரியில் இருந்தது. 40 மில்லிமீட்டரை மைக்ரோமீட்டராக மாற்றும்போது, ஆயிரத்தால் பெருக்குவதற்குப் பதிலாக ஆயிரத்தால் வகுத்துவிட்டார். இந்த ஒரு வரிப் பிழையை எப்படித் தவிர்ப்பது, தவிர்க்க இயலாமற் போனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இன்றைய எங்கள் உரையின் பொருள்.

முதலில் அலகுகளைக் காண்போம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் சம பங்குகளாக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர். பழைய நூல்களில் மைக்ரான் என்றிருப்பதும் இதுவே. ஒரு மைக்ரோமீட்டரை மீண்டும் ஆயிரம் பங்குகளாக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஆகவே இது ஆயிரம் ஆயிரமாக இறங்கும் ஏணி. ஒரு மில்லிமீட்டரில் 1,000 மைக்ரோமீட்டர். பத்து இலட்சம் நானோமீட்டர்.

எப்போது பெருக்குவது, எப்போது வகுப்பது? இதை மனப்பாடம் செய்வோர் தேர்வு அறையில் மறந்துவிடுகின்றனர். மனப்பாடம் வேண்டாம். ஒரு மூட்டை நெல்லைக் குறுணியால் அளந்தால் சில எண்ணிக்கையோடு முடிந்துவிடும். அதே நெல்லை ஆழாக்கால் அளந்தால் எண்ணிக்கை மிகும். நெல் மாறவில்லை, அளக்கும் பாத்திரம் சிறுத்தது, எண் பெருத்தது. அலகு சிறியதானால் எண் பெரிதாக வேண்டும். அலகு பெரியதானால் எண் சிறிதாக வேண்டும். மில்லிமீட்டரிலிருந்து மைக்ரோமீட்டருக்குச் செல்கையில் அலகு சிறுக்கிறது. ஆதலால் எண் ஆயிரம் மடங்கு பெருக வேண்டும்.

இனி அந்தக் கணக்கைச் செய்வோம். 40 மில்லிமீட்டர் என்பது 40,000 மைக்ரோமீட்டர். அதை 20,000 ஆல் வகுத்தால் 2 மைக்ரோமீட்டர். வேண்டுமானால் இதையே 2,000 நானோமீட்டர் என்றும் 0.002 மில்லிமீட்டர் என்றும் சொல்லலாம். மூன்றும் ஒரே நீளம்.

சரி, விடைத்தாளைத் திருத்த ஆசிரியர் அருகில் இல்லாதபோது, 0.000002 மைக்ரோமீட்டர் என்ற விடை தவறு என்று அம்மாணவர் தாமே எப்படி அறிவது? அதை நானோமீட்டராக்கிப் பாருங்கள்: 0.002 நானோமீட்டர். மிகச் சிறிய அணுக்களில் ஒன்றாகிய ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவே ஏறக்குறைய 0.1 நானோமீட்டர். அப்படியானால், கோடிக்கணக்கான அணுக்களால் ஆன மைட்டோகாண்ட்ரியா, ஓர் அணுவைக் காட்டிலும் ஐம்பது மடங்கு சிறியது என்றாகிறது! கட்டடம் செங்கல்லைவிடச் சிறியதாக இருக்க முடியுமா? இங்கே கணக்குப் பிசகிவிட்டது என்பதை அளவே காட்டிக்கொடுக்கிறது. ஆனால் அது காட்டிக்கொடுக்க வேண்டுமாயின், எது எதைவிடப் பெரியது என்ற ஒழுங்கு நம் மனத்தில் பதிந்திருக்க வேண்டும்.

அதற்கு நாங்கள் வகுப்பில் கையாளும் ஒரு முறையைக் கூறுகிறோம். எல்லாவற்றையும் பத்து இலட்சம் மடங்கு பெரிதாக்கி விடுவோம். அப்போது ஒரு நானோமீட்டர், அளவுகோலில் நாம் காணும் ஒரு மில்லிமீட்டராகும். ஒரு மைக்ரோமீட்டர், ஒரு மீட்டராகும். உண்மையான ஒரு மில்லிமீட்டரோ, ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். குண்டூசியின் தலையளவு இடம் ஒரு சிற்றூராக விரிகிறது. அந்த ஊருக்குள் நடந்து செல்வோம்.

நிலத்தில் கிடக்கும் ரவை போன்ற துகள், நீரின் மூலக்கூறு; அதன் அளவு சுமார் 0.3 நானோமீட்டர். கேழ்வரகு மணியினும் சற்றுச் சிறியது, குளுக்கோஸ் மூலக்கூறு. ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். மிளகு போல் உருண்டிருப்பது, நம் குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபின். 5 அல்லது 6 நானோமீட்டர். நெல்லிக்காய் அளவினது, புரதங்களை உருவாக்கும் ரைபோசோம். 20 முதல் 30 நானோமீட்டர். இளம்பிள்ளைவாதம் உண்டாக்கும் போலியோ வைரஸும் 30 நானோமீட்டர்தான். அதுவும் ஒரு நெல்லிக்காய். இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஒரு குழந்தையின் காலை முடக்கவல்ல வைரஸ், நம் உயிரணுவுக்குள் இலட்சக்கணக்கில் உள்ள ரைபோசோம் ஒன்றின் அளவே ஆகும். இன்புளுயன்சா வைரஸ் சுமார் 100 நானோமீட்டர். உரித்த தேங்காய் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாக்டீரியாவிடம் வருவோம். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியா சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம். அகலம் ஒரு மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் ஊரில் அது இரண்டு மீட்டர் நீளமுள்ள கட்டில். நாம் கணக்கிட்ட மைட்டோகாண்ட்ரியாவும் அதே கட்டிலின் அளவினதே. இரத்தச் சிவப்பணு ஏழரை மீட்டர் அகலமுள்ள வட்டக் குடிசை. நம் உயிரணுவின் உட்கரு ஆறு மீட்டர் அறை. அந்த அறைக்குள் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள நூல் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அதுதான் டி.என்.ஏ. நாற்பத்தாறு துண்டுகளாக உள்ள அந்த நூலை நீட்டி இணைத்தால், உண்மையில் இரண்டு மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 2,000 கிலோமீட்டர்! அகலத்துக்கு நானோமீட்டரும் நீளத்துக்கு மீட்டரும் ஒரே மூலக்கூறுக்குத் தேவைப்படுவதை இங்கே காண்கிறோம். ஆகவே, 'இதன் அளவு என்ன' என்று கேட்கும் முன், நீளமா அகலமா என்று கேட்கப் பழக வேண்டும்.

இந்த ஊர் வரைபடம் வெறும் விளையாட்டன்று. அறிவியல் வரலாற்றின் ஒரு பெரிய புதிரை இதைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். 1892ஆம் ஆண்டில் இரஷ்ய அறிஞர் இவனோவ்ஸ்கி, தேமல் நோய் கண்ட புகையிலை இலைகளின் சாற்றைப் பீங்கான் வடிகட்டியில் வடித்தார். பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டி அது. ஆயினும் வடிந்த சாறு, நல்ல செடிகளுக்கு நோயைத் தந்தது. 1898இல் டச்சு அறிஞர் பெய்ஜரிங்க், இது பாக்டீரியாவினின்றும் வேறான தொற்றுப் பொருள் என்று வாதிட்டார். ஆனால் அதை எவரும் கண்ணால் காணவில்லை. ஏன்?

சாதாரண ஒளி நுண்ணோக்கியால், ஏறக்குறைய 200 நானோமீட்டருக்கு நெருக்கமாக உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட இயலாது. ஆடிகளின் குறையால் நேர்வதன்று; ஒளி அலையின் இயல்பே அதற்குக் காரணம். நம் ஊரில் அது 20 சென்டிமீட்டர். கட்டில் தெரியும், குடிசை தெரியும், தேங்காயும் நெல்லிக்காயும் உருத் தெரியா. புகையிலைத் தேமல் வைரஸ் 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் தடிமனும் உடையது. நம் ஊரில் ஓர் அடி நீளமும் விரல் தடிமனும் கொண்ட குச்சி. இப்போது விடை எளிதாகிறது. ஆய்வகங்களில் இக்காலத்தில் வழங்கும் 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியை எண்ணுங்கள். அதன் துளை 22 சென்டிமீட்டர். கட்டில் நுழையாது, குச்சி நுழைந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கி பிறந்த பின், 1939ஆம் ஆண்டில்தான் அக்குச்சியின் உருவத்தை மனிதர் கண்டனர்.

ஆயினும், சிறியவை எல்லாம் வைரஸ், பெரியவை எல்லாம் பாக்டீரியா என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியாக்கள் அந்த வடிகட்டியையும் கடந்துவிடுவதுண்டு. மறுபுறம், 2003இல் வைரஸ் என்று அறிவிக்கப்பட்ட மிமிவைரஸின் கூடு மட்டுமே சுமார் அரை மைக்ரோமீட்டர். ஒளி நுண்ணோக்கியில் தெரிந்த காரணத்தால், முன்பு அதைப் பாக்டீரியா என்றே எண்ணியிருந்தனர். அளவு, பொருளை அடையாளம் காண உதவும் சான்றுகளில் ஒன்று. அதுவே தீர்ப்பு ஆகாது.

படங்களைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். 'பெரிதாக்கம் 20,000' என்று அச்சிட்ட படத்தை வேறொரு நூலில் பாதியாகச் சுருக்கி வெளியிட்டால், அந்த எண் பொய்யாகிவிடும். படத்தின் மூலையில் ஒரு கோடு வரைந்து 'ஒரு மைக்ரோமீட்டர்' என்று குறித்திருந்தால், படத்தோடு கோடும் சுருங்கும். எனவே அது என்றும் மெய். கோடு இருக்குமாயின் எண்ணை விட்டுக் கோட்டையே நம்புங்கள். அடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக உயிரணுவை 60 முதல் 90 நானோமீட்டர் கனமுள்ள சீவல்களாக அறுக்கின்றனர். முருங்கைக்காயைக் குறுக்கே அறுத்தால் துண்டின் முகம் வட்டம். நெடுக அறுத்தால் நீளம். படத்தில் வட்டமாகத் தோன்றும் மைட்டோகாண்ட்ரியா, உண்மையில் நீண்ட குழலாக இருக்கலாம். ஆதலால் ஒரே படத்தை அளந்து, அதுவே அதன் முழு நீளம் என்று எழுதலாகாது.

இன்னும் ஒரு பிழை நன்றாகப் படிப்பவர்களையும் வீழ்த்துகிறது. நீளத்தில் ஆயிரம் என்றால் பரப்பில் பத்து இலட்சம். கன அளவில் நூறு கோடி. ஒரு கன மில்லிமீட்டரில் நூறு கோடி கன மைக்ரோமீட்டர் உள்ளன. குறுக்களவில் பத்து மடங்கு வேறுபட்ட இரு கோளங்கள், கன அளவில் ஆயிரம் மடங்கு வேறுபடும். வினாவில் நீளம் கேட்கப்பட்டதா, கன அளவு கேட்கப்பட்டதா என்பதைப் படித்த பின்பே பேனாவை எடுங்கள்.

அந்த மாணவருக்கு அந்த வினாவில் மதிப்பெண் கிடைக்கவில்லை. விடைத்தாளை அவரிடம் தந்தபோது நாங்கள் பிழையைச் சொல்லவில்லை. 'உம் விடையை ஊருக்குள் வைத்துப் பாரும்' என்றோம். அவர் நானோமீட்டராக்கி, 0.002 மில்லிமீட்டர் என்று ஊர்க்கணக்கில் எழுதினார். ரவைத் துகளைக் காட்டிலும் நூற்றைம்பது மடங்கு சிறிய கட்டில் அது. சிரித்துவிட்டு, எங்களைக் கேளாமலேயே மேல்வரிக்குச் சென்று வகுத்தலை அடித்துப் பெருக்கலாக்கினார். தம் பிழையைத் தாமே காணும் அளவுகோல் அன்று அவர் கைக்கு வந்தது. கழகத்தின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அடுத்த கணக்கை முடித்தவுடன், விடையின்கீழ்க் கோடிடும் முன், அதை இந்த ஊருக்குள் ஒரு முறை வைத்துப் பார்க்க வேண்டுகிறோம்.