சிறுநீரகத்தின் ஆணையும் மஜ்ஜையின் மறுமொழியும்



நம் குருதியிலுள்ள சிவப்பணு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாட்களே வாழும். ஆதலின் எலும்பு மஜ்ஜையானது நொடிக்கு இருபது இலட்சத்துக்கும் மேலான புதிய அணுக்களை ஆக்கி அனுப்பியவண்ணம் இருத்தல் வேண்டும். எவ்வளவு ஆக்குவது என்னும் ஆணையோ சிறுநீரகத்தினின்று வருகிறது. சிறுநீரை வடிப்பதொன்றே அதன் தொழில் என்றெண்ணியிருப்போர்க்கு இது வியப்பளிக்கலாம்.

குருதி கொணரும் பிராணவாயு குறையுங்கால், சிறுநீரகத்துள் சில உயிரணுக்கள் எரித்ரோபாயட்டின் என்னும் சுரப்பைப் பெருக்குகின்றன. இச்சுரப்பு அணுக்களைப் படைப்பதில்லை. மஜ்ஜையில் பாதி வளர்ந்த நிலையில் மடியவிருக்கும் அணுக்களை மடியாமற் காக்கிறது. அவை முதிர்ந்து வெளிவரச் சில நாட்களாகும். அணுக்கள் பெருகி, பிராணவாயு நிறைந்ததும் சிறுநீரகம் அடங்கிவிடும்.

இச்சுரப்பைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த வரலாறு சுவையானது. சிக்காகோவைச் சேர்ந்த கோல்ட்வாஸர் குழுவினர் 1977இல் இதனைச் செய்தனர். அதற்கென ஜப்பானில் திரட்டப்பட்டது 2,550 லிட்டர் சிறுநீர். கிடைத்ததோ சில மில்லிகிராம். அது யாருடைய சிறுநீர்? மஜ்ஜை செயலற்றுப்போன சோகை நோயாளர்களுடையது. மறுமொழி வாராமையால் அவர்தம் சிறுநீரகம் ஓயாது கூவிக்கொண்டிருந்தது. ஆகவே சுரப்பு சிறுநீரில் மிகுந்திருந்தது.

ஆணை உரத்திருந்தும் ஆக்கம் நடவாமை உண்டு என்பதற்கு வேறொரு சான்றும் காண்போம். மூலநோயால் நெடுங்காலம் குருதி கசியும் ஒருவர். நூற்றுக்கு 45 இருக்கவேண்டிய அணுக்களின் பங்கு அவர் குருதியில் 15 ஆகிவிட்டது. இளஞ் சிவப்பணுக்களை எண்ணினால் நூற்றுக்கு 3. இயல்பான அளவு ஒன்றை ஒட்டியது. ஆகவே மஜ்ஜை மும்மடங்கு உழைப்பதாகத் தோன்றும். ஆனால் மொத்த அணுக்களே மூன்றிலொன்றாகிவிட்டமையால், 3 என்பது உண்மையில் 1. மேலும், அவசர ஆணையால் முதிராமுன்பே வெளிவந்த அணுக்கள், ஒரு நாளுக்கு மாறாக இரண்டரை நாள் இளமையாகவே உலவும். அதனையும் வகுத்துக் கழித்தால் எஞ்சுவது 0.4. நலமுள்ள மஜ்ஜையாயின் 3க்கு மேல் இருந்திருக்கும்.

தடை எங்கே? இரும்பில். நாளொன்றுக்கு மஜ்ஜைக்கு இருபது மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வேண்டும். உணவிலிருந்து உடல் ஏற்பது ஒன்றிரண்டு மில்லிகிராமே; மற்றவை மடிந்த அணுக்களினின்று மீள்பவை. நல்ல குருதி ஒரு தேக்கரண்டி கசிந்தால் இரண்டரை மில்லிகிராம் போய்விடும். இவருக்கு எரித்ரோபாயட்டினை ஊசி வழி செலுத்துவது வீண். அது முன்பே மிகுதி. கசிவை நிறுத்தி இரும்பு கொடுத்தால், பத்து நாட்களுக்குள் இளஞ் சிவப்பணுக்கள் ஏறுவதைக் காணலாம்.

சிறுநீரகம் பழுதுற்றவர் நிலை இதற்கு நேர்மாறு. மஜ்ஜை சித்தமாயிருக்கும், ஆணையிடுவாரில்லை. 1989 முதல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த செயற்கை எரித்ரோபாயட்டின் இவர்களுக்கே உரியது. ஊசி போட்டும் அணுக்கள் ஏறாவிடில், மருத்துவர் மருந்தின் அளவை உயர்த்துமுன் இவர்தம் இரும்புச் சேமிப்பைச் சோதிக்கின்றனர். ஆணை கிடைத்த மஜ்ஜை, இருந்த இரும்பையும் விரைவில் தீர்த்துவிட்டிருக்கலாம்.